சீலியாக் நோய்: பரிசோதனைக்கு முன் கோதுமையை ஏன் நிறுத்தக்கூடாது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம், சிலருடைய உடலில் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிட்டு, அவர்களின் சிறுகுடலைச் சிதைக்கச் செய்கிறது. இதுவே சீலியாக் நோய். இது உணவு ஒவ்வாமை அல்ல. கிருமியால் வருவதும் அல்ல. உடலின் பாதுகாப்புப் படையே உடலின் திசுவைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களில் ஒன்று. மற்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கு இல்லாத ஒரு தனித்தன்மை இதற்கு உண்டு. தூண்டும் பொருள் எது என்பது இதில் தெளிவாகத் தெரியும். அந்தப் பொருள் உள்ளே வரும்வரை தாக்குதல் நடக்கும். வரத்து நின்றால் தாக்குதல் தணியும், குடல் மெல்ல ஆறும். சிகிச்சை இதனால் எளிதாகிறது. பரிசோதனையில் சிக்கல் வருவதும் இதே காரணத்தால்தான்.

செரிக்காமல் மிஞ்சும் துண்டு

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது ரப்பர் போல இழுபடும் தன்மை வருவது குளூட்டனால்தான். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதும், ரொட்டி உப்பி நிற்பதும் அதனால்தான். கோதுமையின் குளூட்டனில் கிளையாடின், குளூட்டனின் என இரண்டு புரத வகைகள் இருக்கின்றன. நோயைத் தூண்டுவதில் கிளையாடினுக்குப் பெரும்பங்கு. பார்லியிலும் ரையிலும் இதை ஒத்த புரதங்கள் உள்ளன. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை ஆகியவற்றில் இவை இல்லை.

சாப்பிடும் புரதங்களை வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, கடைசியில் தனித்தனி அமினோ அமிலங்களாக ஆக்குகின்றன. குளூட்டனில் மட்டும் இந்த வேலை முழுதாக முடிவதில்லை. குளூட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதில் அளவுக்கு மீறி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. புரோலின் வரும் இடங்களில் மனித நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. அதனால் நீளமான சில துண்டுகள் அப்படியே மிஞ்சுகின்றன. 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கிளையாடின் துண்டு, இரைப்பை, கணையம், குடல் ஆகியவற்றின் நொதிகள் அனைத்துக்கும் தப்பி நிற்பதை 2002-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்தத் துண்டுகள் எல்லோருடைய குடலிலும்தான் மிஞ்சுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அவற்றால் எந்தத் தீங்கும் இல்லை. தீங்கு நேர, மரபணுவும் ஒரு நொதியும் சேர வேண்டும்.

மரபணுவும் நொதியும் சேரும் இடம்

குடல் உட்சுவரின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போகும் குளூட்டன் துண்டுகளை, அங்குள்ள ‘திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ்’ என்ற நொதி சந்திக்கிறது. காயம்பட்ட திசுவைச் செப்பனிடுவதில் பங்குள்ள, உடலின் சொந்த நொதி இது. குளூட்டன் துண்டில் உள்ள குளூட்டமின்களில் சிலவற்றை இது குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. மாற்றம் சிறியதுதான். ஆனால் அந்த இடத்தில் எதிர்மின்னேற்றம் வந்துவிடுகிறது.

அந்த மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்ள ஏற்ற வடிவம் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மூலக்கூறுகளுக்கு இருக்கிறது. உள்ளே வரும் அந்நியப் பொருள்களின் துண்டுகளை ஏந்தி, ‘டி-செல்’ எனப்படும் வெள்ளணுக்களுக்குக் காட்டுவது இவற்றின் வேலை. சீலியாக் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் இவ்விரண்டில் ஒன்றாவது இருக்கும். பெரும்பாலோரிடம் இருப்பது டிக்யூ2. ஆனால் இந்த மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மக்கள்தொகையில் மூன்றில் ஒருவரிடம் மரபணு இருக்கும். நோய் வருவது நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான்.

மரபணு இருந்தால் மட்டும் போதாது, குளூட்டனும் சேர வேண்டும் என்பதை இந்தியாவிலேயே காணலாம். வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளின் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. தென்னிந்தியாவின் சார்பில் வேலூரில் ஆய்வு நடந்தது. மரபணு உள்ளவர்களின் விகிதம் வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் ரத்தத்தில் நோய்க்கான எதிர்ப்பொருள் காணப்பட்டவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். உணவு ஒன்றே முழுக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அரிசி உண்ணும் பகுதியில் நோய் குறைவாகத் தெரிவதற்கு மரபணு இல்லாமை காரணமல்ல என்பது இதில் தெளிவாகிறது. இரவு உணவு சப்பாத்திக்கு மாறிவரும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தத் தகவல் பொருந்தும்.

குடல் தட்டையாகும் விதம்

டிக்யூ2 அல்லது டிக்யூ8 ஏந்திக் காட்டும் குளூட்டன் துண்டை டி-செல்கள் பகையாக அடையாளம் கண்டதும் பெருகத் தொடங்குகின்றன. இன்டர்ஃபெரான் காமா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. குடல் மேலடுக்கின் செல்களும் அபாய அறிகுறிகளை வெளியிடுகின்றன. அதனால் மேலடுக்குக்குள்ளேயே குடியிருக்கும் வேறொரு வெள்ளணுக் கூட்டம் உசுப்பப்பட்டு, பக்கத்திலுள்ள குடல் செல்களை நேரடியாகக் கொல்கிறது.

ஆரோக்கியமான சிறுகுடலின் உட்புறம் டர்க்கி துண்டின் பரப்பைப் போல நுண்ணிய விரல்கள் அடர்ந்து நிற்கும் பரப்பு. இந்த விரல்களே குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமே இருந்தாலும், சத்துகளை உறிஞ்சும் பரப்பைப் பலமடங்காக்குவது அவைதான். அவற்றின் அடியில் உள்ள குழிகளில் புதிய செல்கள் பிறந்து, விரலின் மேல்நோக்கி ஏறி, சில நாள்களில் நுனியில் உதிர்கின்றன. சீலியாக் நோயில் செல்கள் பிறக்கும் வேகத்தைவிட அழியும் வேகம் கூடிவிடுகிறது. ஈடுகட்ட முயன்று குழிகள் ஆழமாகி நீள்கின்றன. விரல்களோ குட்டையாகி, இறுதியில் தட்டையாகின்றன. மேலடுக்கில் வெள்ளணுக்கள் கூடுவது, குழிகள் நீள்வது, விரல்கள் தட்டையாவது என்ற இந்த வரிசையைத்தான் மார்ஷ் என்ற மருத்துவர் 1992-இல் படிநிலைகளாக வகுத்தார். நோய்க்கூறியல் அறிக்கைகளில் ‘மார்ஷ் 3’ என்று எழுதியிருந்தால், விரல்கள் சிதைந்திருக்கின்றன என்று பொருள்.

சிதைவு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தில்தான் அதிகம். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அங்கேதான். எனவே வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு போன்ற வழக்கமான அறிகுறிகள் இல்லாமலே, மாத்திரைக்குக் கட்டுப்படாத ரத்தசோகையாக மட்டும் இந்நோய் வெளிப்படுவது உண்டு. சிலருக்கு எலும்பு மெலிகிறது. குழந்தைகளுக்கு வளர்ச்சி தடைபடுகிறது.

இதே சண்டையின் இன்னொரு விளைவாக எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. குளூட்டன் துண்டை மாற்றும் நொதி, அந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளூட்டனை அடையாளம் கண்ட டி-செல்களின் உதவியால், ‘பி-செல்’கள் அந்த நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்குகின்றன. உடலின் சொந்த நொதிக்கு எதிரான இந்த எதிர்ப்பொருளே ரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுகிறது. அந்த நொதிதான் தாக்கப்படும் இலக்கு என்று 1997-இல் கண்டறியப்பட்ட பிறகு இப்பரிசோதனை பரவலானது.

சோதனை எதை அளக்கிறது?

‘டிடிஜி ஐஜிஏ’ எனப்படும் ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. இதனுடன் மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். சீலியாக் நோயாளிகளில் சிலருக்கு ஐஜிஏ வகை எதிர்ப்பொருளே உடலில் உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு நோய் இருந்தும் டிடிஜி ஐஜிஏ இயல்பாகவே வரும். அந்நிலையில் ஐஜிஜி வகைச் சோதனைகள் செய்யப்படும்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் கூடியிருந்தால், பெரியவர்களுக்கு அடுத்து எண்டோஸ்கோப்பி செய்யப்படுகிறது. டியோடினத்தின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துணுக்குகளும், அதன் தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிதைவு இடத்துக்கு இடம் திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால் ஒரே ஒரு துணுக்கு போதாது. குழந்தைகளில் டிடிஜி ஐஜிஏ அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் மற்றோர் எதிர்ப்பொருளும் உறுதியானால், திசு எடுக்காமலே நோயை முடிவுசெய்ய ஐரோப்பிய வழிகாட்டுதல் இடமளிக்கிறது.

ரத்தமும் திசுவும் சேர்ந்து ஒரே முடிவைச் சொல்வது முக்கியம். தட்டையான குடல் பரப்பு என்றாலே சீலியாக் என்று பொருளல்ல. தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் அதிகம் காணப்பட்ட வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோயும், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் இதே போன்ற சிதைவை உண்டாக்கும். அவற்றுக்கான மருந்துகள் வேறு. குளூட்டனை நிறுத்துவதால் அவை குணமாகாது.

இந்தச் சோதனைகளில் எதுவும் குளூட்டனையோ, குளூட்டனைத் தாங்காத தன்மையையோ நேரடியாக அளப்பதில்லை. ரத்தப் பரிசோதனை அளப்பது, குளூட்டன் வந்ததால் உடல் தயாரித்த எதிர்ப்பொருளை. திசுப் பரிசோதனை காண்பது, குளூட்டன் வந்ததால் நடந்த சிதைவை. குளூட்டன் நின்றுவிட்டால் இரண்டு அடையாளங்களும் மறையத் தொடங்குகின்றன. நோய் மறைவதில்லை. குளூட்டனை நினைவில் வைத்திருக்கும் டி-செல்கள் பல ஆண்டுகள் கழித்தும் உடலில் காத்திருக்கின்றன.

டிக்கே கண்ட உண்மை

நிறுத்தினால் ஆறும், திரும்பத் தந்தால் நோய் திரும்பும் என்பதை முதலில் முறையாக நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1930-களிலேயே அவர் சில குழந்தைகளின் உணவிலிருந்து கோதுமையை விலக்கிப் பார்த்திருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944–45-இல் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டி அரிதானது. சீலியாக் குழந்தைகளின் நோய்க்குக் கோதுமையே காரணம் என்ற அவருடைய எண்ணத்துக்கு அந்தப் போர்க்கால அனுபவமும் வலுச்சேர்த்தது. போருக்குப் பிறகு வான் டி காமர், வேயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, குழந்தைகளின் மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்தார். கோதுமையோ ரையோ தந்தபோது உறிஞ்சப்படாத கொழுப்பு கூடியது, விலக்கியபோது குறைந்தது. இந்தக் கண்டுபிடிப்பை 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார்.

டிக்கேயின் குழந்தைகள் கோதுமை இல்லாத காலத்தில் நோயற்றவர்களைப் போலவே தோன்றினார்கள். இன்று ஒருவர் தாமாகவே கோதுமையை விட்டுவிட்டு, சில மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்குப் போனால், சோதனைக்கூடமும் அவரை அப்படித்தான் காணும்.

நிறுத்திய பின் மறையும் அடையாளங்கள்

குளூட்டனை விட்ட சில வாரங்களிலேயே எதிர்ப்பொருளின் அளவு சரியத் தொடங்கும். தொடக்கத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து, இயல்புக்கு வரச் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையோ அதற்கு மேலோ ஆகலாம். தொடக்கத்திலேயே அளவு லேசாகத்தான் கூடியிருந்தது என்றால், சில மாதங்களிலேயே அறிக்கை ‘இயல்பு’ என்று வந்துவிடும். குடலின் பரப்பு ஆற இதைவிடக் காலம் பிடிக்கும். குழந்தைகளுக்கு விரைவாக ஆறும். பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் முழுதாக ஆறாமல் இருப்பதுண்டு. அரைகுறையாக ஆறிய நிலையில் எடுக்கும் திசு, இதுவா அதுவா என்று சொல்ல முடியாத முடிவைத் தரும். எனவே சோதனைக்கு முந்தைய வாரங்களில் உணவு எப்படி இருந்தது என்பது தெரியாமல் ‘இயல்பு’ என்ற அறிக்கையை நம்ப முடியாது.

கோதுமையை விட்டதும் வயிறு சரியாகிவிட்டது என்பதும் நோய்க்கான சான்றல்ல. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற, குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்து வகையும் இருக்கிறது. எரிச்சல் குடல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைக் குறைத்தாலே உப்புசம் தணியும். அவர்களுடைய குடல் சிதைந்திருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு

நிகழக்கூடிய ஒரு மாதிரியைப் படிப்படியாகப் பார்க்கலாம். 32 வயதுப் பெண் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8.6. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் 9-ஐத் தாண்டவில்லை. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சப்பாத்தி, ரவை, மைதா எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். உப்புசம் குறைகிறது. எட்டு மாதம் கழித்து ரத்தசோகைக்காகவே வேறொரு மருத்துவரைப் பார்க்கிறார். டிடிஜி ஐஜிஏ சோதனையில், மேல்வரம்பு 20 அலகு என்றிருக்க, அவருக்கு 9 வருகிறது. இந்த எண்ணுக்கு இரண்டு பொருள் உண்டு. நோயே இல்லாமல் இருக்கலாம். நோய் இருந்து, எதிர்ப்பொருள் வற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று அறிக்கையால் சொல்ல முடியாது.

மருத்துவர் முதலில் மரபணுச் சோதனை செய்கிறார். உணவால் மாறாத சோதனை இது ஒன்றுதான். டிக்யூ2-வும் டிக்யூ8-உம் இல்லை என்று வந்திருந்தால் சீலியாக் நோய்க்கு ஏறக்குறைய வாய்ப்பே இல்லை என்று அத்தோடு விசாரணையை முடித்திருக்கலாம். இவருக்கு டிக்யூ2 இருக்கிறது. அதனால் நோய் உறுதியாகிவிடாது. மூன்றில் ஒருவருக்கு அது இருக்கும். வாய்ப்பு தொடர்கிறது என்று மட்டுமே பொருள்.

அடுத்த படி, மருத்துவக் கண்காணிப்பில் மீண்டும் குளூட்டன் சாப்பிடுவது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் வழிகாட்டுதல்கள் சற்று வேறுபடுகின்றன. பிரிட்டனின் வழிகாட்டுதல், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை உணவில் குளூட்டன் இருக்குமாறு குறைந்தது ஆறு வாரம் சாப்பிடச் சொல்கிறது. தினமும் 3 கிராம் குளூட்டனை இரண்டு வாரம் சாப்பிட்டாலே பெரியவர்கள் பலருடைய குடலில் மாற்றம் தெரிவதாக 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தாங்க முடிகிறவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் வரை தொடர்ந்தால் முடிவு இன்னும் உறுதியாகும்.

3 கிராம் என்பது சமையலறைக் கணக்கில் பெரிய அளவல்ல. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவு என்று கொண்டால், அதில் சுமார் 3.5 கிராம் புரதம் இருக்கும். அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் குளூட்டன். அதாவது ஒரு சப்பாத்தியில் சுமார் 2.5 கிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு சப்பாத்தி சாப்பிட்டால் அளவு நிறைவாகிவிடும். அந்தப் பெண் அப்படியே ஆறு வாரம் சாப்பிடுகிறார். இரண்டாம் வாரத்தில் உப்புசம் திரும்புகிறது, ஆனால் தாங்கும் அளவில்தான். ஆறாம் வார முடிவில் டிடிஜி ஐஜிஏ 74. எண்டோஸ்கோப்பியில் எடுத்த துணுக்குகளில் குடலுறிஞ்சிகள் குட்டையாகியிருக்கின்றன, குழிகள் நீண்டிருக்கின்றன. நோய் உறுதியாகிறது. துணுக்கு எடுத்த அன்றே குளூட்டனை நிறுத்தலாம்.

சிலருக்கு ஆறாம் வாரத்திலும் எதிர்ப்பொருள் ஏறியிருக்காது, ஆனால் திசுவில் மாற்றம் தொடங்கியிருக்கும். எதிர்ப்பொருள் சற்றுப் பின்தங்கியே ஏறும் என்பதால், சில வாரங்கள் கழித்து ரத்தத்தை மறுபடி பார்ப்பதும் உண்டு.

யாருக்கு இது கூடாது?

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பருவ வளர்ச்சியில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த மறுஉணவுச் சோதனையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சிறிதளவு கோதுமைக்கே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகிறவர்களையும் வற்புறுத்துவதில்லை. மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு போன்றவை கோதுமையால் வருமானால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அவர்கள் வீட்டில் தாமாகக் கோதுமையைச் சாப்பிட்டுப் பார்ப்பது ஆபத்து.

இவ்வளவு சிரமப்பட்டு உறுதிசெய்யாமல், கோதுமையை விட்டுவிட்டே வாழ்ந்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். சப்பாத்தியை மட்டும் விடுவது சீலியாக் நோய்க்குப் போதாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. குளூட்டன் அற்றது என்று ஒரு பண்டத்தைச் சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பதே இந்திய உணவுச் சட்டத்தின் வரம்பு. வாழ்நாள் முழுதும் அந்த அளவுக்குக் கண்டிப்பாக இருக்க, நோய் உண்டு என்ற உறுதி தேவை. நோய் இல்லாதவருக்கு அந்தக் கட்டுப்பாடு வீண். மேலும், நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

சோதனைக்கு முன் தடையாக இருந்த அதே இயல்பு, நோய் உறுதியான பிறகு உதவியாக மாறுகிறது. குளூட்டனை விட்ட ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் டிடிஜி ஐஜிஏ மறுபடி அளக்கப்படும். அளவு சீராக இறங்கினால் உணவுக்கட்டுப்பாடு சரியாக நடக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இறங்காமல் நின்றாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, எங்கோ குளூட்டன் நுழைகிறது என்று உணவுப் பட்டியலை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் இயல்புக்கு வந்தாலே குடல் முழுதாக ஆறிவிட்டது என்று ஆகாது. அறிகுறிகள் தொடர்ந்தாலோ ரத்தசோகை தீராவிட்டாலோ மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து, குடலுறிஞ்சிகள் மீண்டும் வளர்ந்திருக்கின்றனவா என்று நேரில் பார்ப்பதே வழி.